கிராஜுவிட்டிக் கணக்கை யார் சரிபார்ப்பது?

வருடத்துக்கு 15 நாள் சம்பளம். கிராஜுவிட்டி என்றால் தொழிலாளிகளுக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். அது சரியும்கூட. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கினால் கைக்கு வரும் தொகை கிடைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு வருடம் முழு வருடமாகச் சேரும். ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். பணியில் இருக்கும்போதே இறந்தாலோ, உடல் ஊனமுற்றாலோ அந்த நிபந்தனை இல்லை. சட்டப்படியான உச்சவரம்பு 2018 மார்ச் 29 முதல் 20 லட்சம் ரூபாய்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் இந்தக் கணக்கில் குழப்பமே இல்லை. குழப்பம் அதற்கு முன்பே இருக்கிறது. இன்னும் 18 வருடம் கழித்து ஓய்வு பெறப்போகும் ஒருவருக்காக இந்த மார்ச் 31 அன்று நிறுவனம் தன் பேலன்ஸ் ஷீட்டில் எவ்வளவு கடன் காட்ட வேண்டும்? அதுவரை அவர் இருப்பாரா? அன்றைக்கு அவர் சம்பளம் என்ன? 18 வருடம் கழித்துக் கொடுக்கும் பணத்தின் இன்றைய மதிப்பு என்ன? இதையெல்லாம் கணித்துச் சொல்பவர்தான் ஆக்சுவரி. 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் உறுப்பினர், தொழில் நடத்தச் சான்றிதழ் பெற்றவர்.

ஏப்ரல் மாதம் அவருடைய அறிக்கை நிறுவனத்துக்கு வந்துசேரும். அதிலுள்ள தொகை அப்படியே கணக்கில் ஏறும். பல இடங்களில் ஆடிட்டரின் கோப்பிலும் அந்த அறிக்கை ஒன்றுதான் இருக்கும். கேட்டால், "ஆக்சுவரியே கையெழுத்துப் போட்டிருக்கார் சார், அதுக்கு மேல நாம என்ன பார்க்கறது?" என்பார் கணக்குப் பிரிவு மேலாளர்.

பார்க்க நிறைய இருக்கிறது. அறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டினால் ஆக்சுவரியே இரண்டு விஷயங்களை எழுதியிருப்பார். ஒன்று, ஊழியர் விவரங்களை நிறுவனம் கொடுத்தது, அவற்றை நான் சரிபார்க்கவில்லை. இரண்டு, அனுமானங்களுக்கு நிர்வாகமே பொறுப்பு. ஆக, கணக்கின் அடியில் போட்ட எண்களும் நிறுவனத்துடையவை, எதிர்காலத்தைப் பற்றிய ஊகங்களும் நிறுவனத்துடையவை. நடுவிலுள்ள கணிதம் மட்டுமே ஆக்சுவரியுடையது. அந்தக் கணிதம் தப்பாவது அரிது. தப்பு நடப்பது மற்ற இரண்டிலும்தான். அதனால்தான் எஸ்.ஏ. 500 என்ற தணிக்கைத் தரம், நிர்வாகம் அமர்த்திய நிபுணரின் தகுதியையும் நடுநிலையையும் பார்ப்பதோடு நின்றுவிடாதே, அவருடைய வேலை என்னவென்று புரிந்துகொண்டு, அது சான்றாகத் தாங்குமா என்றும் மதிப்பிடு என்கிறது.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரத் தொழிலாளர் 412 பேர். மார்ச் மாதச் சம்பளப் பதிவேட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மொத்தம் 90.6 லட்சம் ரூபாய். ஆக்சுவரியின் அறிக்கை 2.1 கோடி ரூபாய் கிராஜுவிட்டிப் பொறுப்பு என்கிறது. இந்த எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. ஆனால் இதில் வரும் பிழைகள் ஒவ்வொன்றும் ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் சகஜமாக நடப்பவை.

ஆடிட்டர் முதலில் பார்க்க வேண்டியது அறிக்கையின் உறுப்பினர் சுருக்கம். எத்தனை பேர், மாத ஊதியம் மொத்தம் எவ்வளவு, சராசரி வயது என்ன, சராசரி பணிக்காலம் என்ன என்று நாலைந்து வரிகள்தான் இருக்கும். நம் ஆலையின் அறிக்கையில் 396 பேர், மாத ஊதியம் 51.1 லட்சம். பதிவேட்டோடு இரண்டுமே பொருந்தவில்லை.

ஆட்களில் 16 பேர் குறைகிறார்கள். விசாரித்தால், ஐந்து பேர் நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பதால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் வராமல் விடுபட்டவர்கள். மீதி 11 பேர் ஜனவரியில் சகோதர ஆலையிலிருந்து மாற்றப்பட்டவர்கள். இந்த 11 பேரைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. அவர்கள் வேலையில் சேர்ந்த தேதி என்று எதைப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாற்றலாகி வந்த தேதியைப் போட்டால், பழைய ஆலையில் 19 வருடம் உழைத்தவர் இங்கே நேற்றுச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். மாற்றல் உத்தரவில் பழைய பணிக்காலம் தொடரும் என்று எழுதியிருந்தால் அந்த 19 வருடமும் இந்த ஆலையின் தலையில்தான். சம்பள மென்பொருளில் உள்ள தேதியை நம்பாமல், நியமன உத்தரவையும் பி.எஃப். பதிவையும் எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஊதியத்தில் விழுந்திருக்கும் ஓட்டை இன்னும் பெரியது. விடுபட்ட 16 பேருக்குச் சுமார் மூன்றரை லட்சம் போக, இன்னும் 36 லட்சம் காணவில்லை. தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். அந்த ஆலையில் பஞ்சப்படி எவ்வளவு என்று பார்த்தால் அதே ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஆக்சுவரிக்கு அனுப்பிய எக்செல் தாளில் "அடிப்படைச் சம்பளம்" என்ற பத்தியை மட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பஞ்சப்படியும் சேர்ந்ததுதான் கிராஜுவிட்டிக்கான ஊதியம்.

இது இந்த வருடத் தவறா, பல வருடமாக நடப்பதா? அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்ததிலேயே எளிய, உறுதியான சோதனை ஒன்று உண்டு. இந்த வருடம் ஓய்வு பெற்றவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குக் கையில் கொடுத்த தொகையைப் போன வருட ஆக்சுவரி அறிக்கையின் தனிநபர் பட்டியலில் அதே ஆட்களுக்கு எதிரே இருந்த தொகையோடு வைத்துப் பார்ப்பது. நம் ஆலையில் 28 வருடம் வேலை பார்த்த ஒருவர் 24,000 ரூபாய் ஊதியத்தில் ஓய்வு பெற்றார். அவருக்குக் கொடுத்தது 3,87,692 ரூபாய். போன வருடப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்தது 2,14,000. ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்த ஒருவர் விஷயத்தில் இவ்வளவு வித்தியாசம் வர வழியே இல்லை. அவருடைய ஊதியம் அங்கே 14,000 என்று இருந்தது. போன வருடமும் பஞ்சப்படியை விட்டுவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

விவரங்களைத் திருத்தி மறுபடி கணக்குப் போடச் சொன்னால் 2.1 கோடி 3.6 கோடி ஆகிறது. இதோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். ஆனால் பாதிதான் முடிந்திருக்கிறது, அனுமானங்கள் பாக்கி.

அனுமானங்களில் எடை அதிகம் இரண்டுக்குத்தான்: சம்பளம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் உயரும், எதிர்காலத் தொகையை எத்தனை சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைப்பது. இரண்டாவதைத் தள்ளுபடி விகிதம் என்பார்கள். தள்ளுபடி விகிதத்தில் நிர்வாகத்துக்கு அதிக இடம் இல்லை. மார்ச் 31 அன்று அரசுக் கடன் பத்திரங்களின் சந்தை ஈட்டு விகிதம், அதுவும் இந்தப் பொறுப்பு தீர ஆகும் சராசரிக் காலத்துக்கு ஏற்ற பத்திரத்துடையது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்று கணக்குத் தரமே கட்டிவைத்திருக்கிறது. வெளியாகும் ஈட்டு விகிதப் பட்டியலைப் பார்த்து ஆடிட்டரே ஒப்பிட்டுக்கொள்ளலாம். சம்பள உயர்வு அப்படியல்ல. அது முழுக்க நிறுவனத்தின் வாயிலிருந்து வருவது.

ஸ்பின்னிங் பிரிவில் ஒரு ஃபிட்டரை எடுத்துக்கொள்வோம். வயது 40, பணி 12 வருடம், ஊதியம் 26,000. 15 நாள் ஊதியம் 15,000. இன்றே வேலையை விட்டால் 12 வருடத்துக்கு 1,80,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். 58 வயதுவரை இருந்தால் இன்னும் 18 வருடம். தள்ளுபடி விகிதம் 7 சதவீதம். சம்பளம் வருடத்துக்கு 8 சதவீதம் உயர்ந்தால், 18 வருடத்தில் அந்த 15,000 ஏறக்குறைய 59,940 ஆகும். இதுவரை உழைத்த 12 வருடத்துக்கு அது 7.19 லட்சம். 7 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 2.13 லட்சம். சம்பளம் 5 சதவீதமே உயரும் என்று போட்டால் அதே ஆளுக்கு, அதே 12 வருடத்துக்கு, 1.28 லட்சம்தான் வரும்.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றே விலகினால் 1.80 லட்சம் கொடுக்க வேண்டிய மனிதருக்கு, புத்தகத்தில் 1.28 லட்சம் கடன். கணிதப்படி இதில் தவறில்லை. சம்பளம் தள்ளுபடி விகிதத்தைவிட மெதுவாக உயர்ந்தால் இப்படித்தான் வரும். ஆனால் அந்த ஆலையில் சம்பளம் உண்மையில் 5 சதவீதம்தான் உயர்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இந்த எண்ணை ஏற்கக் கூடாது.

இதிலிருந்தே மொத்த ஆலைக்கும் ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. ஐந்து வருடம் முடித்த எல்லாரும் இன்றே விலகினால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? எக்செலில் ஒரு மணி நேர வேலை, ஆக்சுவரி தேவையில்லை. நம் ஆலைக்கு அது 4.2 கோடி. அறிக்கை முதலில் சொன்னது 2.1, திருத்திய பிறகு 3.6. பொறுப்பு இந்தக் கைக்கணக்கைவிடக் குறைவாக வந்தாலே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏன் குறைகிறது என்று நிர்வாகம் விளக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை ஆடிட்டர் கையில் வைத்திருந்தால், பஞ்சப்படி விடுபட்டதுகூட முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

சம்பள உயர்வு 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போன வருட அறிக்கையிலிருந்து என்பார்கள். அதற்கு முந்தைய வருடமும் அதேதான். சில சமயம் கிராஜுவிட்டி நிதியை நிர்வகிக்கும் காப்பீட்டு நிறுவனமே கணக்கையும் போட்டுத் தரும். அங்கே எல்லா வாடிக்கையாளருக்கும் போடும் பொது அனுமானத்தை நம் ஆலைக்கும் போட்டிருப்பார்கள். நிர்வாகம் தேர்ந்தெடுக்காத ஒன்று நிர்வாகத்தின் அனுமானமாகப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும்.

உண்மையான உயர்வைக் கண்டுபிடிக்க ஆலையின் அலமாரியே போதும். தொழிற்சங்கத்தோடு போட்ட 12(3) ஒப்பந்தங்கள், ஐந்து வருடச் சம்பளப் பதிவேடுகள், பஞ்சப்படி ஏறிய கணக்கு. ஐந்து வருடமும் தொடர்ந்து வேலையில் இருந்த ஐம்பது பேரின் ஊதியத்தை முதல் வருடமும் கடைசி வருடமும் வைத்து வருடாந்தர உயர்வைக் கணக்கிட்டால் விடை வரும். மொத்தச் சம்பளச் செலவை வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் மூத்தவர்கள் போய்ப் புதியவர்கள் வருவதால் உயர்வு குறைவாகத் தெரியும். நம் ஆலையில் அந்த ஐம்பது பேருக்கு வருடத்துக்கு 8 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருக்கிறது.

இதற்கு அறிக்கைக்குள்ளேயே இன்னொரு சாட்சி உண்டு. ஒவ்வொரு வருடமும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஆக்சுவரி தனியே காட்டுவார். அனுபவ வேறுபாடு என்று பெயர். அனுமானம் நடுநிலையாக இருந்தால் ஒரு வருடம் லாபம், ஒரு வருடம் நஷ்டம் என்று அது மாறிமாறி வரும். நாலைந்து வருடமாக நஷ்டமாகவே வந்தால், சம்பள உயர்வைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றோ விவரம் தப்பாகப் போகிறது என்றோ அர்த்தம். நம் ஆலையில் இரண்டும் இருந்தன, அதனால் ஐந்து வருடமும் நஷ்டம். ஒரே பக்கம் சாய்கிற எண்களைப் பார்த்த பிறகும் ஆக்சுவரியின் கையெழுத்தைக் காட்டி ஒதுங்குவது தணிக்கை ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

விலகல் விகிதத்தில் வேறொரு சிக்கல். நூற்பாலைகளில் இரண்டு விதமான ஆட்கள் இருப்பார்கள். விடுதியில் தங்கி இரண்டு மூன்று வருடம் வேலை செய்துவிட்டுப் போகும் இளம் பெண்கள் ஒரு பக்கம். சேர்ந்த ஆலையிலேயே ஓய்வு பெறும் மூத்த கைகள் மறு பக்கம். இரண்டையும் கலந்து வருடத்துக்கு 20 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று ஒரே சராசரியைப் போட்டால், இருவரில் எவருக்கும் அது பொருந்தாது. வயதுவாரியாகவோ பணிக்காலவாரியாகவோ தனித்தனி விகிதம் கேட்க வேண்டும். விலகல் விகிதத்தை உயர்த்தினால் பொறுப்பு எப்போதும் குறையும் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. ஐந்து வருடம் முடிக்காதவர்கள் விஷயத்தில் அது சரி, அவர்கள் வெறுங்கையோடு போவார்கள். முடித்தவர்கள் எப்போது விலகினாலும் கிராஜுவிட்டி வாங்கிக்கொண்டுதான் போவார்கள். மேலே பார்த்த ஃபிட்டருக்குச் சம்பள உயர்வு 5 சதவீதம், தள்ளுபடி 7 சதவீதம் என்றால், அவர் சீக்கிரம் விலகுவதாகப் போடப்போட பொறுப்பு 1.28 லட்சத்திலிருந்து 1.80 லட்சத்தை நோக்கி ஏறும்.

சம்பள உயர்வை 8 சதவீதமாக்கி, விலகலைப் பிரித்துப் போட்டால் ஆலையின் பொறுப்பு 4.8 கோடிக்கு வருகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் உள்ள நிதி 2 கோடி என்றால், மார்ச் 31 தேதியிட்ட அவர்களுடைய சான்றிதழை நேரில் பெற்று அந்த இருப்பைக் கழிக்க வேண்டும். 2.1 கோடிக்கு 2 கோடி நிதி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த ஆலை, உண்மையில் 2.8 கோடி குறையோடு ஓடிக்கொண்டிருந்தது. பங்குதாரருக்கு அது காட்டப்படாத கடன், தொழிலாளிக்குப் பின்னால் பணம் இல்லாத வாக்குறுதி.

ஊதியம் எது என்ற கேள்வி இப்போது இன்னும் சூடாகியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும் என்கிறது அது. 60,000 சம்பளத்தில் 20,000 மட்டுமே அடிப்படை என்று வைத்திருந்த நிறுவனத்தில், விலக்கப்பட்ட 40,000 பாதியைவிட 10,000 அதிகம். அந்த 10,000 சேர்ந்து ஊதியம் 30,000 ஆகிறது. கிராஜுவிட்டி கடைசி ஊதியத்தின் மேல் என்பதால் முன்பு உழைத்த வருடங்களுக்கும் பொறுப்பு ஒரேயடியாகப் பாதி உயர்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. ஆகவே ஆடிட்டர் இனி ஆக்சுவரிக்குப் போன தாளில் புது வரையறைப்படியான ஊதியம் இருக்கிறதா, ஒப்பந்தக் கால ஊழியர்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சட்டம் மாறியதால் உயர்ந்த தொகையும், பழைய பிழை திருத்தியதால் உயர்ந்த தொகையும் ஒன்றல்ல. இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துச் "சட்ட மாற்றம்" என்று எழுதிவிடும் ஆசை பல நிறுவனங்களுக்கு வரும்.

ஓய்வூதியம் வரும்போது கணக்கு வேறு குணம் கொள்கிறது. தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் பி.எஃப். பணத்தின் ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் நிறுவனத்தின் கடமை முடிந்தது, ஆக்சுவரிக்கு வேலை இல்லை. பொதுத்துறை வங்கிகளில் 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்து ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அப்படியல்ல. ஆயுள் முழுக்க மாதாமாதம் ஓய்வூதியம், அதற்குப் பஞ்சப்படி, இறந்த பிறகு குடும்பத்துக்கு ஓய்வூதியம். கிராஜுவிட்டியில் இறப்பு விகிதத்தால் பெரிய மாறுதல் வராது. இங்கே அதுவே முக்கிய அனுமானமாகிறது. மனிதர்கள் நினைத்ததைவிட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தால் அந்த இரண்டு வருடச் செலவு முழுதும் வங்கியுடையது. வங்கியே வைத்திருக்கும் ஓய்வூதியர் இறப்புப் பதிவுகளை அனுமானத்தோடு ஒப்பிடுவது இங்கே ஆடிட்டரின் முதல் வேலை. 2020 நவம்பர் ஊதிய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக உயர்ந்தபோது வந்த கூடுதல் பொறுப்பை, 2021-22 முதல் ஐந்து வருடத்தில் பிரித்து எழுதிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. கணக்குத் தரப்படி உடனே செலவாக வேண்டிய தொகை அது. ஆடிட்டர்கள் பல வங்கிகளின் அறிக்கையில் இதைத் தனிப் பத்தியாகச் சுட்டிக்காட்டினார்கள்.

நீங்கள் ஒரு நிறுவனத்தில் ஊழியராகவோ பங்குதாரராகவோ இருந்தால், ஆண்டறிக்கையில் பணியாளர் நலன்கள் பற்றிய குறிப்பைத் தேடிப் பிடித்து வாசியுங்கள். சம்பள உயர்வு விகிதமும் தள்ளுபடி விகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உங்கள் சம்பளம் கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு உயர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். அதைவிட மிகக் குறைவான விகிதம் அச்சாகியிருந்து, அனுபவ வேறுபாடும் வருடாவருடம் நஷ்டம் பக்கமே இருந்தால், நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். பங்குதாரர் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆடிட்டரிடமே கேட்கலாம்.